கீமோவா, டார்கெட்டட் மாத்திரையா, இம்யூனோதெரபியா? நுரையீரல் புற்றுநோயில் வீட்டார் கேட்கும் கேள்விகள்

நான் ஒரு மருத்துவமனையின் டே கேர் வார்டில் நர்ஸ். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது நோயாளி கண்ணை மூடிவிடுவார். கூட வந்த மகனோ மருமகளோ மெதுவாக எழுந்து என் மேசைக்கு வருவார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்கியது எல்லாம் அங்கேதான் வெளியே வரும். பல வருடமாக அதே கேள்விகள் என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

இங்கே பேசுவது ஒரு நோயைப் பற்றி மட்டும்: அடினோகார்சினோமா என்னும் நுரையீரல் புற்றுநோய், அதுவும் பரவிய பிறகு, அதாவது நான்காம் நிலையில். மூன்று சிகிச்சையும் ஒரே வாசலில் வந்து நிற்கும் நோய் இது. மார்பகம், குடல், ரத்தப் புற்றுநோய்க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

"சிஸ்டர், மூணுமே கேன்சர் மருந்துதானே? என்ன பெரிய வித்தியாசம்?"

கீமோ, வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்லும். புற்றுநோய்ச் செல் வேகமாகப் பெருகுவதால் அதிகம் அடிபடும். ஆனால் முடியின் வேர், வாய், குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் வேகமாகப் பெருகுபவைதான். அவையும் சேர்ந்து அடி வாங்கும். கீமோவின் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவை.

டார்கெட்டட் மருந்து வேறு மாதிரி. செல்லின் மேற்பரப்பில் "வளரு" என்று சொல்லும் பொத்தான்கள் உண்டு. இஜிஎஃப்ஆர் அவற்றில் ஒன்று. சிலருடைய கட்டியில் மரபணு மாறி அந்தப் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொள்ளும். சிக்கிய காலிங் பெல் ஓயாமல் அடிப்பதுபோல், செல் ஓயாமல் பெருகும். மாத்திரை அந்தப் பெல்லுக்குப் போகும் கம்பியைத் துண்டிக்கிறது. பெல்லே சிக்காத வீட்டில் கம்பியைத் துண்டித்து என்ன பயன் என்பதை நினைவில் வையுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

இம்யூனோதெரபி மருந்து புற்றுநோய்ச் செல்லை நேரடியாகத் தொடுவதே இல்லை. நம் ரத்தத்தில் காவல் சுற்றும் டி செல்கள் கெட்ட செல்லைக் கண்டால் தாக்க வேண்டும். ஆனால் புற்றுநோய்ச் செல் பிடி-எல்1 என்ற அட்டையை நீட்டி, "நம்ம ஆளுதான்" என்று சொல்லித் தப்பித்துவிடும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் அந்த அட்டை செல்லாதபடி செய்கின்றன. அதன் பிறகு அடிப்பது உடம்பின் சொந்தப் படை.

"இதுல எது ரொம்ப பவர்? காசு போனாப் போகுது, பெரிய மருந்தாவே போடச் சொல்லுங்க."

பெரியது, சின்னது என்ற வரிசையே இதில் கிடையாது. கீமோ பழசு, மாத்திரை அதற்கு மேல், இம்யூனோ எல்லாவற்றுக்கும் மேல் என்று ஏணி போட்டுக்கொண்டுதான் பலர் வருகிறார்கள். இந்தக் கட்டிக்கு எது பொருந்தும் என்பதே கேள்வி.

2009-ல் வெளியான ஒரு பெரிய ஆசிய ஆய்வு இதைக் கண்ணுக்கு நேரே காட்டியது. ஒரு பாதிப் பேருக்கு ஜெஃபிடினிப் என்ற இஜிஎஃப்ஆர் மாத்திரை, மறு பாதிக்குக் கீமோ. இஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தவர்களில் மாத்திரை எடுத்த 100 பேரில் சுமார் 71 பேருக்குக் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாதவர்களில் அதே மாத்திரைக்குச் சுருங்கியது 100-க்கு ஒருவருக்குத்தான். அந்தப் பிரிவில் கீமோ எடுத்தவர்களில் 100-க்கு 23 பேருக்குச் சுருங்கியது. அதே மாத்திரை, அதே அளவு. ஒருவருக்கு வரம், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வெறும் மாவு.

"பயாப்ஸிதான் எடுத்தாச்சே? திரும்பவும் என்ன டெஸ்ட்?"

முதல் பயாப்ஸி ரிப்போர்ட் 'இது புற்றுநோய், இன்ன வகை' என்று மட்டும் சொல்லும். எந்த மருந்து என்று சொல்ல, அதே சதைத் துண்டில் மேற்கொண்டு பார்க்க வேண்டும். குறைந்தபட்சம் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1 என்ற மூன்று மரபணுக்கள், பிறகு பிடி-எல்1 அட்டை. வசதி இருந்தால் பல மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் என்ஜிஎஸ் சோதனை. இந்தியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. புகை பிடிக்காதவர்களில் இன்னும் அதிகம். அதனால் இதைப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு.

பயாப்ஸி வேறு ஊரில் எடுத்திருந்தால் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுவராதீர்கள். அந்த லேப்பில் போய் 'பிளாக்' கேளுங்கள். சதைத் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டி அது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். கண்ணாடி ஸ்லைடு மட்டும் போதாமல் போகலாம். வெயிலில், பைக் டேங்க் கவரில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். மெழுகு உருகும்.

பிளாக்கில் சதை போதவில்லை என்றால் ரத்தத்தில் பார்க்கும் சோதனையும் உண்டு. அதில் மாற்றம் தெரிந்தால் நம்பலாம். தெரியவில்லை என்றால் 'இல்லை' என்று முடிவு கட்ட முடியாது. கட்டி ரத்தத்தில் போதிய அளவு கசியாமலும் இருந்திருக்கலாம்.

"ரிப்போர்ட்டுக்கு ரெண்டு மூணு வாரமா? அதுக்குள்ள பரவிடாதா?"

இஜிஎஃப்ஆர் மட்டும் தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டி வந்துவிடும். என்ஜிஎஸ் என்றால் இரண்டு, மூன்று வாரம் ஆகும். நோய் பல மாதமாக உள்ளே வளர்ந்து வந்தது. நிதானமாக நடந்து, சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்த இரண்டு வாரம் பெரிதாக எதையும் மாற்றாது. தவறான மருந்தில் ஆரம்பித்தால்தான் மாதக்கணக்கில் போகும்.

மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் நீர் திரும்பத் திரும்பக் கோக்கிறது என்றால் டாக்டர் காத்திருக்கமாட்டார். ரிப்போர்ட் வருவதற்குள் ஒரு தவணை கீமோ மட்டும் போடுவார், இம்யூனோ மருந்தைச் சேர்க்காமல். ஏன் சேர்க்கவில்லை என்பது அடுத்த பதிலில்.

"பிடி-எல்1 60 சதவீதம்னு வந்துடுச்சு. அமெரிக்காவுல இருக்கற மாமா உடனே இம்யூனோ ஆரம்பிக்கச் சொல்றார். இங்க ஏன் இழுத்தடிக்கிறாங்க?"

முதலில், 60 என்பது குணமாகும் வாய்ப்பு அல்ல. மைக்ராஸ்கோப்பில் எண்ணிய புற்றுநோய்ச் செல்களில் 100-க்கு 60 அந்த அட்டையை நீட்டியிருந்தன, அவ்வளவுதான். 50-ஐத் தாண்டினால், இஜிஎஃப்ஆர் போன்ற மரபணு மாற்றங்கள் இல்லாத பட்சத்தில், இம்யூனோ மருந்தைத் தனியாகவே கொடுக்கலாம். அந்தப் 'பட்சத்தில்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்படி ஒரு அம்மா வந்தார். 56 வயது. பீடி, சிகரெட் வாசனையே ஆகாது. இருமல் என்று போனவருக்குச் சளியில் கிருமி தெரியாமலே மூன்று மாதம் டிபி மருந்து ஓடியிருக்கிறது. எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு என்றால் நம் ஊரில் முதலில் டிபிதான் நினைவுக்கு வரும். பிறகு சிடி ஸ்கேன், பயாப்ஸி. பிடி-எல்1 நான்காம் நாளே வந்தது, 60. மகன் பணம் ஏற்பாடு செய்துவிட்டு நின்றார். டாக்டர் அசையவில்லை. ஒன்பதாம் நாள் இஜிஎஃப்ஆர் வந்தது: அந்த மரபணுவின் எக்ஸான் 19 என்ற பகுதியில் மாற்றம். மறுவாரம் மாத்திரை ஆரம்பம்.

இரண்டு காரணம். இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள கட்டியில், பிடி-எல்1 எவ்வளவு உயரமாக இருந்தாலும், இம்யூனோ மருந்து பெரும்பாலும் எடுபடுவதில்லை. இன்னொன்று இதைவிட முக்கியம். இம்யூனோ மருந்து ஏறியபின் அதன் விளைவு உடம்பில் மாதக்கணக்கில் நிற்கும். அந்த நேரத்தில் ஆசிமெர்டினிப் என்ற இஜிஎஃப்ஆர் மாத்திரை கொடுத்தால் நுரையீரல் வீங்கும் ஆபத்து கூடுகிறது. 2019-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், இம்யூனோ நிறுத்திய மூன்று மாதத்துக்குள் அந்த மாத்திரையைத் தொடங்கிய 21 பேரில் 5 பேருக்குத் தீவிரப் பாதிப்பு வந்தது. சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் ஏறிய மருந்தைத் திரும்ப இறக்க முடியாதே. முதலில் மாத்திரை, பிறகு இம்யூனோ என்ற வரிசையில் அந்த ஆய்வில் இப்படி ஆகவில்லை.

"கீமோன்னா எத்தனை நாள் படுக்கணும்?"

அடினோகார்சினோமாவுக்குப் பெரும்பாலும் பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் என்று இரண்டு மருந்து. 21 நாளுக்கு ஒருமுறை, பொதுவாக நான்கு தவணை. டே கேரில் காலையில் வந்து மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் போய்விடலாம். நான்கு முடிந்து கட்டி அடங்கியிருந்தால் பெமெட்ரெக்ஸெட் மட்டும் தொடரும்.

இதில் வீட்டார் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பெமெட்ரெக்ஸெட்டுக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரை தினமும் தொடங்க வேண்டும். பி12 ஊசி ஒன்பது வாரத்துக்கு ஒன்று. முந்தின நாள், அன்று, மறுநாள் என மூன்று நாளும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை. "சாதாரண சத்து மாத்திரைதானே" என்று ஃபோலிக் ஆசிட்டை விட்டுவிட்டு வருவார்கள். அது இல்லாமல் போட்டால் வாய் வெந்துபோவதும் ரத்த அணுக்கள் சரிவதும் கடுமையாக இருக்கும். விட்டுப்போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தவணையை நாலு நாள் தள்ளிப்போட்டால் ஒன்றும் ஆகாது.

"முடி மொத்தமும் கொட்டிடுமா?"

மேலே சொன்ன ஜோடியில் பெரும்பாலும் மெலிவதோடு சரி. பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து சேர்ந்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் மொத்தமும் போகும், பிறகு வளரும். இஜிஎஃப்ஆர் மாத்திரையிலும் இம்யூனோவிலும் மொட்டையாவது அரிது. முடி போகவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. இதையும் கேட்கிறார்கள்.

"கீமோ போட்ட பத்தாம் நாள் காய்ச்சல். டோலோ கொடுத்துட்டு காலையில வரலாமா?"

கூடாது. கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ரத்தத்தில் கிருமி பரவும் அளவுக்குப் போகலாம். தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 காட்டினால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள், கீமோ அட்டையோடு. மாத்திரை போட்டால் சூடு இறங்கும். கிருமி அப்படியே இருக்கும், நாமும் ஏமாந்துவிடுவோம்.

"மாத்திரைதான்னா சைடு எஃபெக்ட் இருக்காதுல்ல?"

இருக்கும், வேறு மாதிரி. இஜிஎஃப்ஆர் என்ற பொத்தான் நம் தோலிலும் குடலிலும் இயல்பாகவே உண்டு. மருந்து அங்கேயும் போய் உட்காரும். முதல் இரண்டு வாரத்தில் முகத்திலும் மார்பிலும் பரு போலக் கிளம்பும். தோல் வறண்டு, நக ஓரம் வெடித்து வலிக்கும். பருவுக்கான கடைக் க்ரீம் போட்டால் இன்னும் எரியும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், வெயிலில் போகும்போது குடை. அதிகமானால் டாக்டர் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை தருவார். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கை காலில் தடவுங்கள், பரு கிளம்பிய இடத்தில் வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரை தொடங்கிய பிறகு புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றே காட்டுங்கள். மாத்திரையால் நுரையீரல் வீங்குவது அரிது, ஆனால் வந்தால் மாத்திரையை நிறுத்த வேண்டும்.

மற்ற மருந்துகளோடு மோதுவதும் உண்டு. ஜெஃபிடினிப் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பேன்டோப்ரசோல் போட்டால் ஜெஃபிடினிப் சரியாக ஏறாது. ஆசிமெர்டினிப்பில் அந்தத் தொல்லை இல்லை. வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் டிபிக்கான ரிஃபாம்பிசினும் இரண்டு மாத்திரைகளையுமே கல்லீரலில் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். ரிஃபாம்பிசின் என்றால் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் அந்த மருந்துதான். முன்பு சொன்ன அம்மாவின் பையில் அது இன்னும் இருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லாததால் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். நெஞ்சு டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் பேசி, டிபி இல்லை என்று உறுதி செய்து நிறுத்தினார்கள். உங்கள் வீட்டு மருந்துப் பையை அப்படியே கவிழ்த்துக் காட்டுங்கள். சித்த மருந்து, லேகியம், சூரணம் உட்பட. யாரும் திட்டமாட்டோம்.

"ஒரு நாள் மாத்திரை மறந்துட்டா மறுநாள் ரெண்டா போடலாமா?"

வேண்டாம். ஜெஃபிடினிப்போ ஆசிமெர்டினிப்போ, அடுத்த வேளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நினைவு வந்ததும் ஒன்று போடுங்கள். குறைவாக இருந்தால் அன்றையதை விட்டுவிடுங்கள்.

"இம்யூனோதெரபின்னா எதிர்ப்புச் சக்தி ஏத்துறதுதானே? அதுல என்ன கெடுதல் வரும்?"

பெயர் செய்யும் குழப்பம் இது. சத்து டானிக் மாதிரி எதையும் ஏற்றுவதில்லை. காவல் படையின் பிரேக்கை எடுத்துவிடுகிறோம். பிரேக் இல்லாத படை சில சமயம் சொந்த வீட்டையே தாக்கும். தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல், தோல், அட்ரினல் சுரப்பி, எங்கே வேண்டுமானாலும். பலருக்கு ஒன்றுமே வராது. வருபவர்களில் அதிகம் பார்ப்பது தைராய்டு குறைவதும் தோலில் அரிப்பும். அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் அடிக்கடி டிஎஸ்எச் எழுதுகிறார்கள்.

இதன் வில்லங்கம் நேரம். கீமோவின் தொல்லை நாள் கணக்கில் வந்து நாள் கணக்கில் போகும். இம்யூனோவின் தொல்லை மூன்றாம் மாதத்திலும் வரலாம், மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். அதற்குள் குடும்பம் அதை மறந்திருக்கும். காய்ச்சலுக்குப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனால்கூட "இந்த ஊசி போட்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

"லூஸ் மோஷன் போகுது. எந்த மருந்தா இருந்தா என்ன, மோஷன் மாத்திரை ஒண்ணுதானே?"

மூன்றுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு கேள்வியில் முழுசாகத் தெரியும்.

கீமோ எடுப்பவருக்கு வந்தால் முதலில் காய்ச்சல் இருக்கிறதா, எத்தனையாவது நாள் என்று பார்க்க வேண்டும். ஏழு முதல் பதினான்குக்குள், காய்ச்சலோடு என்றால் மேலே சொன்னபடி உடனே அவசரப் பிரிவு. இஜிஎஃப்ஆர் மாத்திரை எடுப்பவர் என்றால் பெரும்பாலும் மருந்தின் இயல்பான விளைவுதான். ஓஆர்எஸ், மோர், கஞ்சி, டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த லோபெரமைடு. நிற்கவில்லை என்றால் மாத்திரைக்குச் சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் தொடங்குவார்கள்.

இம்யூனோ எடுப்பவருக்கு வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் போனாலோ, ரத்தம், சளி, வயிற்றுவலி இருந்தாலோ, அது குடலைப் படை தாக்குவதாக இருக்கலாம். லோபெரமைடு போட்டு அடக்கினால் வெளியே நின்றதுபோலத் தெரியும், உள்ளே குடல் புண்ணாகிக்கொண்டே போகும், ஓட்டை விழும் அளவுக்கும் போனதுண்டு. இதற்கு மருந்து ஸ்டீராய்டு. நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். போனில் அழைத்து "மோஷன் போகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மருந்து, கடைசியாக என்று போட்டது என்பதைச் சேர்த்துச் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

"ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கொடுத்தா இன்னும் நல்லா கேக்காதா?"

எதோடு எது என்பதைப் பொறுத்தது. மரபணு மாற்றம் இல்லாதவர்களுக்கு, குறிப்பாகப் பிடி-எல்1 50-க்குக் கீழே இருந்தால், கீமோவையும் இம்யூனோவையும் ஒரே நாளில் சேர்த்துப் போடுவது இப்போது வழக்கம். இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களுக்கு மாத்திரையோடு கீமோவைச் சேர்க்கலாம். மும்பை டாடா மெமோரியலில் 350 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஜெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு 8 மாதம் வரை நோய் அடங்கியிருந்தது. கீமோவும் சேர்த்தவர்களுக்கு அது 16 மாதம். தொல்லையும் கூடியது, ரத்த அணுக்கள் குறைவது உட்பட. அதனால் வயது, உடம்பின் தெம்பு பார்த்து முடிவு செய்வார்கள். மாத்திரையும் இம்யூனோவும் சேர்ப்பது மட்டும் வேண்டாம். காரணம் ஏற்கெனவே சொன்னதுதான்.

"செலவு எவ்வளவு ஆகும், உள்ளதைச் சொல்லுங்க சிஸ்டர்."

ஜெஃபிடினிப்பை இந்தியக் கம்பெனிகள் பல தயாரிப்பதால் மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஆசிமெர்டினிப் அதைவிடப் பல மடங்கு. கீமோ நடுவில். இம்யூனோ ஒரு தவணைக்கே லட்சத்தைத் தாண்டலாம், வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் வரை. கம்பெனிகளின் உதவித் திட்டத்தில் சில தவணை வாங்கினால் மீதி இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைப்பதுண்டு. ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள், பாதியில் சேர முடியாமல் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்பதையும் அந்த மேசையில் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "கேன்சருக்கு உண்டா" என்று கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும்.

குறைந்த அளவு இம்யூனோ பற்றிக் கேள்விப்பட்டு வருகிறார்கள். டாடா மெமோரியலில் 20 மி.கி. நிவோலுமாப்பை மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்ததில் ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16-லிருந்து 43 சதவீதமாக உயர்ந்தது உண்மை. ஆனால் அது வாய், தொண்டைப் புற்றுநோய் ஆய்வு. நுரையீரலுக்கு அதைக் காட்டி வாதாட வேண்டாம், டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். நகையை விற்று இரண்டு தவணை போட்டுவிட்டு நிறுத்துவதைவிட, தொடர்ந்து போட முடிகிற கீமோ மேல் என்பது என் கருத்து.

"இதுல எதுலயாவது முழுசா குணமாயிடுமா?"

நான்காம் நிலையில் மூன்றுமே பெரும்பாலும் அடக்கி வைப்பவைதான். அடக்கும் விதம் வேறு. மாத்திரை பொருந்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரத்திலேயே இருமலும் மூச்சிரைப்பும் குறையும், பல மாதமோ சில வருடமோ நன்றாக இருப்பார்கள். ஆசிமெர்டினிப்பில் தொடங்கியவர்களில் பாதிப் பேர் மூன்று வருடத்தைத் தாண்டியும் உயிரோடு இருந்ததை ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் மருந்துக்குக் கட்டி ஒருநாள் பழகிவிடும்.

இம்யூனோவுக்குக் கட்டி அடங்குபவர்கள் குறைவு, ஆனால் அடங்கினால் நீண்ட நாள் அடங்கும். பிடி-எல்1 50-க்கு மேல் இருந்து பெம்ப்ரோலிசுமாப்பில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஐந்தாம் வருடத்திலும் உயிரோடு இருந்தார்கள். கீமோவில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர். இவை கூட்டத்தின் கணக்கு. உங்கள் அப்பா அதில் எந்தப் பக்கம் என்பதை மூன்றாம் மாத ஸ்கேன்தான் சொல்லத் தொடங்கும்.

"ஒரு வருஷமா மாத்திரை நல்லா கேட்டது. இப்போ ஸ்கேன்ல வளர்ந்திருக்கு. டக்குனு நிறுத்திடலாமா?"

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரே இடத்தில் மட்டும் வளர்ந்திருந்தால் அங்கே ரேடியேஷன் கொடுத்துவிட்டு அதே மாத்திரையைத் தொடர்வதுண்டு. பல இடத்தில் என்றால் திரும்பவும் பயாப்ஸியோ ரத்தச் சோதனையோ கேட்பார்கள். "மறுபடியுமா" என்று சலிக்க வேண்டாம். ஜெஃபிடினிப்புக்குப் பழகிய கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் டி790எம் என்ற புது மாற்றம் வந்திருக்கும், அதற்கு ஆசிமெர்டினிப் கேட்கும். அது இல்லையென்றால் கீமோ. அப்போது கீமோவைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். சிக்கிய பெல்லை விட்டுவிட்டுக் கட்டி வேறு வழி கண்டுபிடித்திருக்கும்போது, எந்த வழி என்று பார்க்காமல் அடிக்கும் மருந்துதான் தேவை.

"அப்பாவுக்கு என்ன நோய்னு சொல்லல. நுரையீரல் சளின்னு சொல்லியிருக்கோம். அப்படியே மாத்திரை கொடுத்துடலாம்ல?"

கீமோ என்றால் வார்டைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும். மாத்திரையும் இம்யூனோவும்தான் மறைக்க வசதியாக இருக்கின்றன, சிக்கலும் அங்கேதான். சளிக்குத்தான் மாத்திரை என்று நம்பும் மனிதர், இருமல் நின்றதும் தானாக மாத்திரையை நிறுத்துவார். நான் பார்த்த ஒரு தாத்தா பதினொரு நாள் மாத்திரையை அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தார், "சளி போயிடுச்சே" என்று. இம்யூனோ எடுப்பவர் வயிற்றுப்போக்கை "நேத்து சாப்பிட்ட பிரியாணி" என்று நினைத்து உங்களிடம் சொல்லவே மாட்டார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. "நுரையீரலில் ஒரு கட்டி, அதுக்கு இந்த மாத்திரை தினமும் வேணும், மூச்சு வாங்கினாலோ வயிறு கெட்டாலோ அன்னைக்கே சொல்லுங்க" என்ற அளவாவது அவருக்குத் தெரிய வேண்டும். சொல்ல நாக்கு எழவில்லை என்றால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். மேலே எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவர் கேட்கும் அடுத்த கேள்வியிலேயே காட்டிவிடுவார். சிலர் கேட்கவே மாட்டார்கள், அதுவும் ஒரு பதில்தான்.